ஒரே வார்ம் ஸ்க்ரூ, இரண்டு விலை: ஒரு குடும்பப் பட்டறையின் டிரான்ஸ்ஃபர் பிரைசிங் கணக்கு

மலேசியாவில், தெலுக் இந்தானுக்கும் பீடோருக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டப் பட்டணத்தில் நான் வரிக் கணக்கு பார்க்கிறேன். கீழே எழுதியிருப்பது என் கையில் வந்த ஒரு கேஸ். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கத் தொகைகளை வட்டமாக்கியிருக்கிறேன். கணக்கின் போக்கு அப்படியே இருக்கிறது.

## பின்னணி

பட்டறையைத் தொடங்கியவர் ஒரு பெரியவர். தோட்டத்துச் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து, ஓய்வுக்குப் பிறகு சொந்தமாக ஒரு கொட்டகை போட்டவர். ஆலைகளின் ஸ்க்ரூ பிரஸ் இயந்திரத்துக்கான வார்ம் ஸ்க்ரூவைச் செய்வதுதான் முக்கிய வேலை. வேக வைத்து மசித்த செம்பனைப் பழத்தை இரண்டு திருகுகள் சேர்ந்து பிழிந்து எண்ணெய் எடுக்கும். நாரும் கொட்டையும் உரசி உரசித் திருகின் விளிம்பு தேய்ந்துவிடும். அதனால் ஆலைக்காரர்கள் மறுபடி மறுபடி வாங்கியே ஆக வேண்டும். விற்பனை எப்போதும் ஜோடிக் கணக்கில்தான்.

கம்பெனிப் பங்கில் 60 விழுக்காடு பெரியவரிடம், 25 மூத்த மகனிடம், 15 இளைய மகனிடம். இளையவர் பட்டறையை நடத்துகிறார். மூத்தவர் சிங்கப்பூரில் ஒரு கம்பெனி பதிந்து, அதை முழுக்கத் தன் பெயரில் வைத்திருக்கிறார். தம்பியிடம் வார்ம் ஸ்க்ரூ வாங்கி, சுமத்ராவிலுள்ள ஆலைகளுக்கு விற்கிறார். சரக்கு சிங்கப்பூர்ப் பக்கமே போவதில்லை. பட்டறையிலிருந்து போர்ட் கிள்ளான், அங்கிருந்து நேராக இந்தோனேசியா. இன்வாய்ஸ் மட்டும்தான் சிங்கப்பூர் வழியாகப் போகிறது.

2023 கணக்கில் பட்டறை சிங்கப்பூருக்கு 1,400 ஜோடி விற்றிருந்தது, ஜோடி 4,300 மலேசிய வெள்ளிக்கு. அதே மாடலை, அதே அச்சில் வார்த்ததை, உள்ளூர் ஆலைகளுக்கு 500 ஜோடி விற்றிருந்தது, ஜோடி சராசரி 5,400 வெள்ளிக்கு. பட்டறையின் அடக்க விலை 4,050. பழுது பார்க்கும் வேலையையும் சேர்த்து மொத்த வருமானம் ஒரு கோடி வெள்ளியைச் சற்றுத் தாண்டும்.

அப்போது நான் இவர்களுடைய ஏஜெண்ட் இல்லை. கணக்கை வேறொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

## கடிதம்

2025 பிப்ரவரியில் உள்நாட்டு வருமான வரி வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. 2023 மதிப்பீட்டு ஆண்டுக்கான டிரான்ஸ்ஃபர் பிரைசிங் ஆவணத்தை, அதாவது தொடர்புள்ள கம்பெனிகள் தங்களுக்குள் வைக்கும் விலை பற்றிய ஆவணத்தை, 14 நாளில் கொடுக்கச் சொன்னது. இளையவர் அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தபோது நான்கு நாள் போயிருந்தது.

"இது பெரிய கம்பெனிங்களுக்கு வர்றதுதானே, அண்ணே? நம்ம அப்பா கம்பெனி வேற, அண்ணன் கம்பெனி வேற. ரெண்டும் தனித்தனியாத்தானே பதிஞ்சிருக்கு?"

தனித்தனியாகப் பதிந்திருப்பதுதான் விஷயமே. தனித்தனிக் கம்பெனியாக இருந்து, உள்ளே ஒரே கை இரண்டையும் ஆட்டினால், அவற்றுக்கிடையே போகும் விலையைச் சந்தை தீர்மானிக்காது, அந்தக் கை தீர்மானிக்கும். லாபத்தை எந்த நாட்டில் காட்டுவது என்பதும் அந்தக் கையின் விருப்பமாகிவிடும். அதனால்தான் 1967 வருமான வரிச் சட்டத்தின் 140ஏ பிரிவு, தொடர்புள்ளவர்களுக்கு இடையிலான விலை, தொடர்பே இல்லாத இருவர் அதே சூழ்நிலையில் ஒத்துக்கொண்டிருக்கக்கூடிய விலையாக இருக்க வேண்டும் என்கிறது. இதைத்தான் ஆர்ம்ஸ் லெங்த் கோட்பாடு என்பார்கள். எங்கள் ஆபீசில் வேற்றாள் விலை என்றே பேசிக்கொள்வோம். 140ஏ 2009 தொடக்கத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. விரிவான விதிகள் 2023-இல் புதிதாக வந்தன.

## முதலில் பார்த்த இரண்டு கேள்விகள்

இவர்கள் தொடர்புள்ளவர்களா? ஒருவரிடம் பங்கு 20 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்து, விலையையும் விற்பனை நிபந்தனையையும் தீர்மானிப்பதில் அவர் கை இருந்தால், கட்டுப்பாடு இருப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். மூத்தவரிடம் 25 விழுக்காடு. சிங்கப்பூர் கம்பெனி முழுக்க அவருடையது. 4,300 என்ற விலையைச் சொன்னவரும் அவர்தான். தம்பி மறுபேச்சுப் பேசவில்லை. இதற்கு மேல் விவாதிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது கேள்வியில்தான் சிறு கம்பெனிகள் பல சறுக்குகின்றன. 2024 டிசம்பரில் வாரியம் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஆண்டு வணிக வருமானம் 3 கோடி வெள்ளிக்கு மேல் இருந்து, வெளிநாட்டுத் தொடர்புக் கம்பெனிகளோடு நடக்கும் வியாபாரமும் 1 கோடி வெள்ளியோ அதற்கு மேலோ இருந்தால்தான் முழு ஆவணம் தேவை. இவர்கள் இரண்டுக்கும் கீழே. முந்தைய ஏஜெண்டும் "நமக்கு இது பொருந்தாது" என்றே சொல்லியிருக்கிறார். பொருந்தாதது முழு ஆவணம் மட்டும்தான். வரம்புக்குக் கீழே இருந்தாலும் இவர்கள் குறைந்தபட்ச ஆவணம் வைத்திருக்க வேண்டும். விலை வேற்றாள் விலையாக இருக்க வேண்டும் என்ற கடமைக்கோ வரம்பு என்று ஒன்று இல்லவே இல்லை. வியாபாரம் சின்னதாக இருந்தால் ஆவணத்தின் பக்கங்கள் குறையுமே தவிர, விலையைத் தப்பாக வைத்துக்கொள்ளலாம் என்றாகாது.

## தேதி

மறுநாள் பட்டறையில் கணக்குப் பார்க்கும் அக்கா ஒரு யோசனை சொன்னார். ஆவணத்தை இப்போது எழுதி, 2024 ஜூன் என்று தேதி போட்டுவிடலாமாம்.

அவருடைய கவலை எனக்குப் புரிந்தது. டிசம்பரில் கணக்கு முடிக்கும் கம்பெனி, ஏழு மாதத்தில், அதாவது 2024 ஜூலைக்குள், வரிப் படிவம் கொடுக்க வேண்டும். ஆவணமும் அந்தக் கெடுவுக்கு முன்பே தயாராகியிருக்க வேண்டும். முடித்த தேதியையும் ஆவணத்தில் எழுத வேண்டும். நேரத்துக்குக் காட்ட முடியாவிட்டால் 113பி பிரிவில் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை தண்டம் வரலாம். வழக்காகப் போனால் சிறைகூடச் சட்டத்தில் இருக்கிறது.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஆவணத்தில் வரப்போகும் சில எண்களை நான் 2025-இல்தான் லெட்ஜரிலிருந்து எடுக்கப்போகிறேன். 2024-இல் எழுதியதாகச் சொல்லும் காகிதத்தில் அவை எப்படி வந்தன என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், மற்ற எல்லா எண்ணும் நம்பிக்கை இழந்துவிடும். உண்மையான தேதியையே போடுவது, தாமதத்துக்கான தண்டத்தை ஏற்பது என்று முடிவு செய்தோம். பெரியவர் கேட்டதும் "சரி, அதையே செய்" என்றார். அவர் சொன்ன பிறகு வீட்டில் யாரும் பேசவில்லை.

## எந்த முறை

கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனம் வேறு வழி சொன்னது. தரவுத்தளத்தில் இதே மாதிரி கம்பெனிகளைத் தேடி, அவற்றின் லாப விகிதங்களை வரிசைப்படுத்தி, அதற்குள் நம் பட்டறை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. 2023 விதிகளின்படி அந்த வரிசையில் 37.5-ஆவது சதமானத்திலிருந்து 62.5-ஆவது வரைதான் ஏற்கத்தக்க வீச்சு. வெளியே விழுந்தால் நடு எண்ணுக்கு இழுத்துவிடுவார்கள்.

இதைத் தள்ளியதற்குக் காரணம் செலவு மட்டுமில்லை. வார்ம் ஸ்க்ரூ வார்த்து, தேயாமலிருக்க அதன்மேல் கடின உலோகம் ஏற்றும் ஹார்ட்ஃபேசிங் வெல்டிங் செய்யும் கம்பெனிகள் தரவுத்தளத்தில் எத்தனை கிடைக்கும்? கிடைப்பவை பொதுவான இரும்பு வேலைக் கம்பெனிகளாக இருக்கும். கதவு கிரில் செய்பவரோடு நம்மை ஒப்பிட வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், இந்தப் பட்டறை அதே பொருளை உறவில்லாத ஆலைகளுக்கு விற்றுக்கொண்டிருக்கிறது. வேற்றாள் விலை அதன் சொந்த இன்வாய்ஸ் புத்தகத்திலேயே இருக்கும்போது அதை விட்டுவிட்டு அடுத்தவர் லாபத்தைத் தேடிப்போவது சரியில்லை. ஒப்பிடத்தக்க வேற்றாள் விலையை நேரடியாக எடுத்துக்கொள்ளும் முறையைத் தேர்ந்தெடுத்தோம்.

ஆனால் 5,400-ஐ அப்படியே எடுத்து 4,300-ஓடு ஒப்பிட முடியாது. பொருள் ஒன்றுதான், வியாபாரம் ஒன்றல்ல. ஒவ்வொரு வேறுபாட்டையும் வெள்ளியாக்கிக் கூட்டிக் கழித்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். வேலையின் பெரும்பகுதி இங்கேதான் போனது.

## வேறுபாடுகளை எண்ணுதல்

முதலாவது, கொண்டுபோய்ப் பொருத்துவது. உள்ளூர் ஆலைக்கு விற்கும்போது லோரியும் இரண்டு ஃபிட்டரும் போய்ப் பிரஸ்ஸில் மாட்டிவிட்டு வருவார்கள். சிங்கப்பூருக்கு விற்கும்போது சரக்கு பட்டறை வாசலிலேயே கைமாறும். 2023-இன் லோரிச் செலவையும் ஓவர்டைமையும் 500 ஜோடிக்குப் பிரித்தால் ஜோடிக்கு 220 வெள்ளி. அதைக் கழித்தோம்.

இரண்டாவது, ஆர்டர் பிடிப்பது. உள்ளூரில் ஒரு சேல்ஸ்மேன் ஆலை ஆலையாகச் சுற்றுகிறார். சுமத்ராவில் அந்த வேலை மூத்தவருடையது. ஜோடிக்கு 180 வெள்ளி, அதையும் கழித்தோம்.

மூன்றாவது, கடன் நாள். இங்கே கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. சிங்கப்பூர் 30 நாளில் கட்டுவதாக ஒப்பந்தம். லெட்ஜரைப் பார்த்தால் சராசரி 160 நாள். உள்ளூர் ஆலைகள் 100 நாளில் கட்டுகின்றன. அண்ணனுக்குத் தம்பி 60 நாள் கூடுதலாகக் கடன் கொடுத்திருக்கிறார், அதுவும் பேங்க் ஓவர்டிராஃப்ட்டில் 7 விழுக்காடு வட்டி கட்டிக்கொண்டே. 5,400-க்கு 60 நாள் வட்டி ஏறக்குறைய 60 வெள்ளி. அதைக் கூட்டினோம்.

நான்காவது, வாரண்டி. இதில் எனக்கும் மூத்தவருக்கும் தொலைபேசியில் நல்ல வாக்குவாதம் நடந்தது. உள்ளூர் ஆலையில் 600 மணி நேரத்துக்குள் திருகு தேய்ந்தாலோ உடைந்தாலோ பட்டறை இலவசமாக மாற்றித் தரும். அதற்கு ஜோடிக்கு 130 வெள்ளி செலவாகிறது. சிங்கப்பூர் ஒப்பந்தத்திலோ வாரண்டிப் பொறுப்பு சிங்கப்பூருடையது என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் 130-ஐக் கழிக்கலாம். அவர் கேட்டதும் அதைத்தான்.

நான் ஃபிட்டர் தலைவரிடம் போய்க் கேட்டேன். "இந்தோனேசியாவிலருந்து உடைஞ்சு வந்தா யாரு மாத்துறா?"

"நாமதான், சார். அண்ணன் போன் போடுவாரு, அடுத்த கண்டெய்னர்ல சேர்த்து அனுப்பிடுவோம்."

2023-இல் 40-க்கும் மேற்பட்ட ஜோடிகள் இன்வாய்ஸ் இல்லாமல் போயிருந்தன. காகிதத்தில் பொறுப்பு சிங்கப்பூரில், நடப்பில் சுமை பட்டறையில். இந்தத் துறையில் ஒப்பந்தமும் நடப்பும் முரண்பட்டால் நடப்புதான் எடுபடும். 130-ஐக் கழிக்கவில்லை. மூத்தவர் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை.

ஐந்தாவது, மொத்தமாக வாங்கும் தள்ளுபடி. ஓர் உள்ளூர் ஆலைக் குழுமம் ஒரே ஆர்டரில் 120 ஜோடி வாங்கி 6 விழுக்காடு தள்ளுபடி பெற்றிருந்தது. சிங்கப்பூர் ஆண்டுக்கு 1,400 வாங்குகிறதே, அதற்குக் குறைந்தது இந்த 6 விழுக்காடாவது பொருந்தும் என்று நினைத்து 320 வெள்ளி கழித்தேன்.

கூட்டிக் கழித்ததில் வேற்றாள் விலை 4,740 என்று வந்தது. ஜோடிக்கு 440 குறைவாக விற்றிருக்கிறார்கள். 1,400 ஜோடிக்கு 616,000 வெள்ளி.

## விலை எப்படி விலகியது

இதை ஆவணத்தில் ஒரு தனிப் பகுதியாக எழுதினேன். 4,300 என்ற விலை 2018-இல் வைத்தது. அன்று உள்ளூர் விலை 4,600, அடக்கம் 3,300. கொண்டுபோய்ப் பொருத்தும் செலவையும் ஆர்டர் பிடிக்கும் செலவையும் பார்த்தால் அந்த 300 வெள்ளி வித்தியாசம் நியாயமானதே. அதாவது ஆரம்பத்தில் விலை சரியாகத்தான் இருந்தது. பிறகு உருக்கு விலை ஏறியது, வெல்டிங் ராடு விலை ஏறியது, 2022 மே முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியானது. உள்ளூர் ஆலைகளுக்கு இரண்டு முறை விலை ஏற்றினார்கள். அண்ணனிடம் ஏற்றவில்லை. கேட்கக் கூச்சம்.

திட்டம் போட்டு யாரும் லாபத்தைக் கடத்தவில்லை என்று காட்ட இது உதவியது. வரிக்கு அதனால் சலுகை கிடையாது. நோக்கம் எதுவானாலும் விலை குறைவுதானே. குறைவால் குடும்பத்துக்கு லாபம் இருந்ததும் உண்மை. பட்டறைக்குக் கூடுதல் லாபத்தின் மேல் 24 விழுக்காடு வரி. சிங்கப்பூரில் 17 விழுக்காடுதான், அதிலும் முதல் 200,000 சிங்கப்பூர் டாலரில் பாதிக்கு மேல் விலக்கு. மூத்தவரின் கம்பெனி உண்மையில் கட்டியது லாபத்தில் 9 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு.

பதின்மூன்றாம் நாள், 2025 தேதியோடு, 11 பக்க ஆவணத்தைக் கொடுத்தோம்.

## அதிகாரியின் பார்வை

முதல் சந்திப்பில் அதிகாரி 5,400-ஐ எந்தக் கழிவும் இல்லாமல் எடுத்துக்கொண்டார். 1,540,000 வெள்ளியைப் பட்டறை வருமானத்தில் கூட்டுவதாகச் சொன்னார். சிங்கப்பூர் கம்பெனி வெறும் இன்வாய்ஸ் முகவரி என்பது அவர் எண்ணம். சரக்கு அங்கே போகவில்லை, ஆபீஸில் ஒரே ஓர் ஊழியர் என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மூத்தவரின் பயணச் சீட்டுகளும், மேடான், பெக்கான்பாரு ஆலை எஞ்சினியர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் இங்கே கைகொடுத்தன. எல்லாவற்றையும்விட ஒரு வாராக்கடன் உதவியது. 2023-இல் ஓர் ஆலை 190,000 வெள்ளியை ஏமாற்றிவிட்டது. அந்த நட்டத்தைச் சிங்கப்பூர் தானே சுமந்தது, பட்டறைமேல் தள்ளவில்லை. வாரண்டியில் நடப்பு எங்களுக்கு எதிராக நின்றது. வாராக்கடனில் அதே நடப்பு எங்கள் பக்கம் நின்றது. 220-ஐயும் 180-ஐயும் ஏற்றுக்கொண்டார். 60-ஐ நாங்களே கூட்டியிருந்ததால் அதில் பேச்சே இல்லை.

6 விழுக்காட்டை ஏற்கவில்லை. "ஆண்டுக்கு 1,400 சரி. ஒரு ஆர்டருக்கு எத்தனை?" என்று கேட்டார். நான் ஆண்டு மொத்தத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். ஆர்டர்கள் 30 முதல் 50 ஜோடி வரைதான் இருந்தன. 40 ஜோடி வாங்கும் உள்ளூர் ஆலைக்குப் பட்டறை கொடுப்பது 3 விழுக்காடு.

அப்புறம் அவர் ஒரு இன்வாய்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். 2022 நவம்பரில் மேடானைச் சேர்ந்த ஒரு வியாபாரி, குடும்பத்துக்கு எந்த உறவும் இல்லாதவர், 36 ஜோடியை முன்பணம் கட்டிப் பட்டறை வாசலில் வாங்கிப் போயிருக்கிறார், ஜோடி 4,850-க்கு. அதைக் கேஷ் சேல் கணக்கில் போட்டிருந்ததால் என் கண்ணில் படவில்லை. வாசலில் கைமாற்று, தானே சந்தைப்படுத்துவது, அதே இந்தோனேசியச் சந்தை, ஏறக்குறைய அதே ஆர்டர் அளவு: இதைவிட நெருக்கமான ஒப்பீடு கிடைக்காது. முன்பணத்துக்கும் 160 நாள் கடனுக்கும் உள்ள வட்டி வித்தியாசம் ஏறக்குறைய 150. சேர்த்தால் 5,000. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. நான் தேடியிருக்க வேண்டிய காகிதம் அது.

ஒரே ஒரு விற்பனை, அதுவும் முந்தைய ஆண்டில் நடந்தது என்பதால் அதை மட்டும் வைத்து முடிக்க அவரும் விரும்பவில்லை. 3 விழுக்காடு, அதாவது 160 வெள்ளி மட்டும் கழிப்பதற்கு அதைத் துணையாக வைத்துக்கொண்டார்.

## முடிவு

உள்ளூர் விலை 5,400-இலிருந்து 220, 180, 160 கழித்து, 60 கூட்டி 4,900. ஜோடிக்கு 600 குறைவு, 1,400 ஜோடிக்கு 840,000 வெள்ளி. 24 விழுக்காடு வரி 201,600. 140ஏ பிரிவில் கூட்டிய தொகையின் மேல் 5 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம் போட இடமுண்டு, 42,000 போட்டார்கள். ஆவணத் தாமதத்துக்கு மிகக் குறைந்த தண்டமான 20,000. மொத்தம் 263,600 வெள்ளி. 2021, 2022 ஆண்டுகளுக்கும் இதே வழியில் நாங்களே கணக்கிட்டுக் கொடுத்தோம். டிரான்ஸ்ஃபர் பிரைசிங்கில் வாரியம் ஏழு ஆண்டு வரை பின்னோக்கிப் போகலாம் என்பதால், ஒதுங்கி நின்று பயனில்லை. விலகல் அப்போதுதான் ஆரம்பித்திருந்ததால் தொகை சிறியது.

மதிப்பீட்டை எதிர்த்து 30 நாளுக்குள் ஃபார்ம் கியூ கொடுத்துச் சிறப்பு ஆணையரிடம் போகலாம். மூத்தவர் போக விரும்பினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. 840,000-ஐப் பட்டறைக்குத் தள்ளினால், வாராக்கடனோடு சேர்த்து, அந்த ஆண்டு அவர் கம்பெனிக்கு 122,000 நட்டம் என்றாகிறது. வாராக்கடனை ஒதுக்கிப் பார்த்தால் 68,000 லாபம்; அதுவும் விற்பனையில் ஒரு விழுக்காடுகூட இல்லை. 4,740 நின்றிருந்தால், வாராக்கடன் நீங்கலாக விற்பனையில் 3.7 விழுக்காடு நின்றிருக்கும். ஒரு வியாபாரிக்கு அது இயல்பான எண். ஆனால் ஆர்டர் அளவு விஷயத்தில் அதிகாரி சொன்னது சரி. அந்த மேடான் இன்வாய்ஸ் மேல்முறையீட்டிலும் எங்களுக்கு எதிராகத்தான் பேசும். போக வேண்டாம் என்றேன்.

இன்னொரு வலி மிச்சமிருந்தது. அதே லாபத்துக்குச் சிங்கப்பூரில் மூத்தவர் ஏற்கனவே வரி கட்டிவிட்டார், ஏறக்குறைய 62,000 வெள்ளி. மலேசியா கூட்டியதற்காகச் சிங்கப்பூர் தானாகக் குறைக்காது. இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் கீழ் இரண்டு அரசுகளும் பேசித் தீர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆலோசகர் கட்டணத்தையும் காத்திருக்க வேண்டிய காலத்தையும் பார்த்து அதை விட்டுவிட்டார்கள். இரட்டை வரி இரட்டை வரியாகவே நின்றுவிட்டது.

## பிறகு மாற்றியவை

2024-இலும் 4,300-க்கே விற்றுவிட்டார்கள். வரிப் படிவம் கொடுப்பதற்கு முன், குறைந்த தொகையை வரிக் கணக்கில் நாங்களே கூட்டினோம். அந்த ஆண்டுக்கான ஆவணமும் கெடுவுக்கு முன்பே தயாரானது, உண்மையான தேதியோடு.

2025 ஏப்ரலிலிருந்து சிங்கப்பூர் விலை ஓர் எண்ணாக இல்லாமல் ஒரு கணக்காக இருக்கிறது: உள்ளூர்ச் சராசரி விலை, அதில் கொண்டுபோய்ப் பொருத்தும் செலவு, ஆர்டர் பிடிக்கும் செலவு, 3 விழுக்காடு தள்ளுபடி ஆகிய மூன்றையும் கழித்தது. உள்ளூர் விலை 5,500 ஆனபோது அது 4,935-இல் வந்து நின்றது. கடன் நாளை 100 ஆக்கிவிட்டதால் வட்டி கூட்ட வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை இளையவர் கணக்குப் போட்டு அண்ணனுக்கு எழுத்தில் அனுப்புகிறார். கூச்சப்பட இடமில்லை, கேட்பது கணக்குதான்.

வாரண்டி பற்றிய பழைய வாசகத்தை அடித்துவிட்டு, பொறுப்பு பட்டறையுடையது என்று ஒப்பந்தத்தைத் திருத்தினோம். உடைந்து திரும்பும் ஒவ்வொரு ஜோடியையும் எந்த ஆலை, எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஃபிட்டர் தலைவர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைக்கிறார். அடுத்த முறை யாராவது கேட்டால், முதலில் நான் எடுத்து வைக்கப்போவது அந்த நோட்டைத்தான்.